கணினிக் கூடத்துக்கு 34 லட்சம் கேட்கிறார்கள்: மறுப்புக் குறிப்பில் எந்த மாற்றை எழுதுவது?

சுயநிதிக் கல்லூரிகளின் நிதி அலுவலர்கள் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் மாட்டிக்கொள்ளும் சிக்கல் இது. ஒரு துறை பெரிய தொகை கேட்டு எழுதுகிறது. கேட்பது நியாயம், பணம் இல்லை. 'இயலாது' என்று எழுதுவது ஒரு வரி வேலை. அதற்குக் கீழே எந்த மாற்றை எழுதுவது என்பதில்தான் தயக்கம். பழைய கணினிகளைப் புதுப்பிக்கலாம், பகுதி பகுதியாக வாங்கலாம், வாடகைக்கு எடுக்கலாம், லினக்ஸுக்கு மாறலாம். நான்கையும் அடுக்கி 'பரிசீலிக்கவும்' என்று முடிக்கும் குறிப்புகளே அதிகம். அவை மறுப்பைவிட மோசம். துறை எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்கும்போது, அதற்கும் பணம் இல்லை என்று இரண்டாவது முறை சொல்ல வேண்டியிருக்கும்.

கணக்கோடு பேசினால்தான் தெளிவாகும் என்பதால், நடைமுறையில் வரக்கூடிய ஒரு கோரிக்கையை மாதிரியாக எடுத்துக்கொள்கிறேன். விலைகள் கணக்குக்காக வைத்தவை. உங்கள் ஊர் விலைப்புள்ளியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

## கோரிக்கை என்ன சொல்கிறது

கணினி அறிவியல் துறையின் கூடத்தில் 60 கணினிகள். 2017-இல் வாங்கியவை, இன்டெல் ஏழாம் தலைமுறைச் செயலி, 4 ஜிபி ரேம், பழைய சுழல் வட்டு. அறுபதையும் மாற்ற வேண்டும் என்கிறது துறை. ஒன்று 48,000 ரூபாய் வீதம் 28,80,000. அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 33,98,400 ரூபாய். கல்விக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. விலக்கு இருப்பதால் கல்லூரிக்கு உள்ளீட்டு வரிக் கழிவு கிடையாது. அந்த ஐந்து லட்சமும் முழுச் செலவு. வரி நீங்கலாக வந்த விலைப்புள்ளியைப் பார்த்து மனக்கணக்குப் போடும் துறைத் தலைவர்கள் இந்த இடத்தில் வழக்கமாகச் சறுக்குவார்கள்.

இந்த ஆண்டு மூலதனச் செலவுத் தலைப்பில் கையில் எஞ்சியிருப்பது 8 லட்சம். ஆகவே மறுப்பு உறுதி. ஆனால் துறை சொல்லும் மூன்று காரணங்களும் உண்மையானவை:

1. கணினிகள் மிக மெதுவாக இயங்குகின்றன. திறந்து உட்காரவே நேரம் போய்விடுகிறது.
2. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தைய செயலியோ வேண்டும்.
3. புதிய பாடத்திட்டத்தில் செல்பேசிச் செயலி உருவாக்கம் வந்திருக்கிறது. அதற்கான ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ இந்தக் கணினிகளில் ஓடாது.

குறிப்பு எழுத உட்காரும் முன் ஒருமுறை கூடத்துக்குப் போய் வாருங்கள். ஏதாவது நான்கு கணினிகளில் `Ctrl+Shift+Esc` அழுத்தி Task Manager-இல் Performance பக்கத்தைப் பாருங்கள். யாரும் எதுவும் செய்யாதபோதே Disk 100 சதவீதத்தில் நின்று, CPU பத்து, இருபதில் கிடந்தால், நோய் செயலியில் இல்லை, வட்டில் இருக்கிறது. ஒரு உலாவியைத் திறந்ததும் Memory 90-ஐத் தாண்டினால் ரேமும் போதவில்லை. `winver` என்று தட்டினால் பதிப்பு தெரியும். அது 22H2 ஆக இருக்க வேண்டும். ஏன் என்பது கீழே வருகிறது. கால் மணி நேர வேலைதான். ஆனால் 'தங்கள் கூடத்தை நேரில் பார்த்தேன்' என்ற ஒரு வரியை உண்மையாக எழுத முடியும். அந்த வரி மற்ற பணிவுச் சொற்கள் எல்லாவற்றையும்விட அதிக வேலை செய்யும்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலாவது, பணம் எந்தத் தலைப்பிலிருந்து வருகிறது. மாற்று ஒன்றை எழுத்தில் கொடுத்த கணத்திலேயே அது வாக்குறுதி ஆகிவிடுகிறது. எந்தத் தலைப்பில், எந்த ஆண்டில் என்று சொல்ல முடியாத மாற்றை எழுதவே கூடாது.

இரண்டாவது, துறை சொன்ன மூன்று காரணங்களில் எத்தனை தீர்கின்றன. வேகம் மட்டும் கூடி, பாடம் நடக்காமல் போனால் துறைத் தலைவர் அடுத்த மாதமே மீண்டும் எழுதுவார், எழுதுவது சரியும்கூட.

மூன்றாவது, அடுத்த ஆண்டுகளை எவ்வளவு கட்டிப்போடுகிறது.

இவற்றோடு ஒரு எல்லைக்கோடும் உண்டு. இயங்கும் கணினிகளின் எண்ணிக்கையைக் குறைக்கும் எதையும் இணைப்பு ஆய்வுக்கு வரும் குழு ஏற்காது. பி.சி.ஏ. படிப்பும் 2024-25 முதல் ஏ.ஐ.சி.டி.இ. வரம்புக்குள் வந்துவிட்டது. '40 கணினி போதுமே' என்று நிதி அலுவலர் எழுதுவது தன் அதிகாரத்துக்கு அப்பாற்பட்ட பேச்சு.

## மாற்று 1: இருப்பதைப் புதுப்பித்தல்

சுழல் வட்டை எடுத்துவிட்டு 256 ஜிபி எஸ்.எஸ்.டி. பொருத்துவது, 8 ஜிபி ரேம் சேர்ப்பது. உதிரிபாகமும் கூலியுமாகக் கணினிக்கு 5,500 ரூபாய் என்று வைத்தால், வரியோடு 6,490. அறுபதுக்கு 3,89,400 ரூபாய். கேட்ட தொகையில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. கையில் இருக்கும் தலைப்புக்குள் அடங்குகிறது.

முதல் காரணம் இதில் ஏறக்குறைய முழுமையாகத் தீரும். Disk 100-இல் நின்ற கணினியில் எஸ்.எஸ்.டி. போட்டவுடன் வித்தியாசத்தை மாணவர்களே சொல்வார்கள்.

இரண்டாவது காரணத்துக்கு அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு வழி இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் மேலும் மூன்று ஆண்டுகளுக்குக் கட்டணத்துக்குத் தருகிறது. நிறுவனங்களுக்கு முதல் ஆண்டுக் கட்டணம் கணினிக்கு 61 டாலர். ஒவ்வோர் ஆண்டும் அது இரட்டிப்பாகும். அந்த எண்ணைச் செய்தியில் படித்துவிட்டுத்தான் பலர் இந்த வழியைக் கைவிடுகிறார்கள். கல்வி நிறுவனங்களுக்குக் கட்டணம் வேறு: முதல் ஆண்டு 1 டாலர், இரண்டாம் ஆண்டு 2, மூன்றாம் ஆண்டு 4. மூன்று ஆண்டுக்கும் சேர்த்துக் கணினிக்கு ஏழே டாலர். இதைக் கல்லூரியின் மொத்த உரிமத் திட்டத்தின் வழியாக வாங்க வேண்டும். கணினிகள் 22H2 பதிப்பில் இருக்க வேண்டும். இரண்டாம் ஆண்டில் சேர்ந்தாலும் முதல் ஆண்டுக் கட்டணத்தையும் கட்ட வேண்டும் என்பதால், தள்ளிப்போடுவதில் மிச்சம் எதுவும் இல்லை.

கூடத்தின் தொழில்நுட்ப உதவியாளர் 'விண்டோஸ் 11-ஐயே போட்டுவிடலாம் சார், வழி இருக்கிறது' என்பார். வழி இருக்கிறது என்பது உண்மைதான். தகுதியில்லாத செயலியில் அப்படிப் போட்டால் புதுப்பிப்பு தொடர்ந்து வரும் என்பதற்கு மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. கையெழுத்திட்டுக் கோப்பில் வைக்கும் குறிப்பில் அதை எழுதாதீர்கள்.

மூன்றாவது காரணம்தான் இடறுகிறது. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவை மட்டும் ஓட்ட 8 ஜிபி ரேம் குறைந்தபட்சம். திரையிலேயே ஒரு போலிக் கைப்பேசியை ஓட்டிப் பார்க்கும் எமுலேட்டரும் வேண்டுமென்றால் 16 ஜிபி கேட்கிறது. 4 ஜிபி துண்டோடு 8 சேர்த்து 12 ஆக்கினால் ஸ்டுடியோ ஓடும், எமுலேட்டர் தடுமாறும். மாணவர்கள் தங்கள் கைப்பேசியையே கேபிளில் இணைத்துச் சோதிக்கலாம். பல கூடங்களில் அப்படித்தான் நடக்கிறது. செய்முறைத் தேர்வுக் கூடத்துக்குள் கைப்பேசி எடுத்துவரக் கூடாது என்ற விதி இருந்தால் அதுவும் நடக்காது. இதைத் துறையிடம் கேட்காமல் நீங்களாகத் தீர்ப்பு எழுத வேண்டாம்.

மறைந்திருக்கும் செலவுகள் இரண்டு. ஒன்பது வயதுக் கணினியில் புது வட்டு போட்டாலும் மின்வழங்கிப் பெட்டியும் தாய்ப்பலகையும் பழையவையே. நான்கைந்து கணினிகள் எப்படியும் விழும். அடுத்தது ரேம் விலை. 2025 கடைசியில் உலகெங்கும் ரேம் விலை கடுமையாக ஏறியது. விற்பவர்கள் விலைப்புள்ளியின் செல்லுபடிக் காலத்தைச் சுருக்கிவிட்டார்கள். பழைய விலைப்புள்ளியை நம்பி மாற்று எழுதினால், ஆணை கொடுக்கும் நாளில் தொகை போதாமல் போகும்.

புகார் வேகத்தைப் பற்றியதாக இருந்து, சி, ஜாவா, பைத்தான், தரவுத்தளம் ஆகியவையே பெரும்பாலான பாடங்களாக இருந்தால், இதைவிடப் பொருத்தமான மாற்று கிடையாது.

## மாற்று 2: பகுதி பகுதியாக வாங்குதல்

எல்லோருக்கும் முதலில் தோன்றுவதும், கேட்க மிக நியாயமாக ஒலிப்பதும் இதுதான்: இந்த ஆண்டு கொஞ்சம், அடுத்த ஆண்டு கொஞ்சம். கணக்கைப் பார்த்தால் அவ்வளவு நியாயமாக இல்லை. வரியோடு ஒரு கணினி 56,640 ரூபாய். 8 லட்சத்துக்கு 14 கணினிகள் வரும் (7,92,960). ஒரு செய்முறை வகுப்பில் 30 பேர். 14 புதிது, 16 பழையது என்று ஒரே வகுப்பு நடத்தினால் ஆசிரியர் இரண்டு விதமாகப் பாடம் நடத்த வேண்டும். எஞ்சிய 46 கணினிகளின் வேகத்துக்கும் பாதுகாப்புக்கும் ஒன்றும் நடந்திருக்காது. ஒரு முழு வகுப்புக்கு 30 வாங்க 16,99,200 வேண்டும். அது இந்த ஆண்டு இல்லை.

பெரிய மறைசெலவு 'அடுத்த ஆண்டு' என்ற சொல்லில் இருக்கிறது. ஆட்சிக் குழு இன்னும் கூடாத நிலையில், அடுத்த ஆண்டுத் தொகையை நிதி அலுவலர் வாக்களிக்க முடியாது. 'அடுத்த ஆண்டு ஒதுக்கப்படும்' என்று எழுதினால், அந்தத் தாள் வரும் ஜூலையில் உங்கள் மேசைக்குத் திரும்பி வரும். 'அடுத்த ஆண்டு மதிப்பீட்டில் சேர்த்து ஆட்சிக் குழுவின் முன் வைக்கப்படும்' என்பதுதான் உங்களால் காப்பாற்றக்கூடிய சொல்.

இன்னொன்று, கழித்துவிடும் பழைய கணினிகள். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகளின்படி அவற்றைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளர், புதுப்பிப்பாளர் போன்றோரிடமே ஒப்படைக்க வேண்டும். பழைய இரும்புக் கடைக்குப் போட்டு வரும் காசை வரவில் காட்டும் பழக்கம் தணிக்கையில் கேள்வியாகும்.

கையில் ஒரு முழு வகுப்புக்கான தொகை இருந்தால் மட்டுமே பகுதிக் கொள்முதல் நல்ல மாற்று.

## மாற்று 3: வாடகைக்கு எடுத்தல்

மூலதனத் தலைப்பில் பணம் இல்லை, நடப்புச் செலவில் இடம் இருக்கிறது என்றால் வாடகை கண்ணைப் பறிக்கும். மூன்று காரணங்களும் ஒரே நாளில் தீரும். மாதம் கணினிக்கு 1,700 ரூபாய், வரியோடு 2,006 என்று வைத்துக்கொள்வோம். அறுபதுக்கு மாதம் 1,20,360. மூன்று ஆண்டு ஒப்பந்தத்துக்கு 43,32,960. துறை கேட்ட தொகையைவிட 9,34,560 ரூபாய் அதிகம். மூன்றாம் ஆண்டு முடிவில் கையில் ஒரு கணினியும் இருக்காது.

விடுமுறையிலும் வாடகை ஓடும். ஆண்டுக்கு இரண்டு மாதம் கூடம் பூட்டிக் கிடந்தாலும் 2,40,720 ரூபாய் போகும். சேர்க்கை குறைந்து ஒரு பிரிவை மூடினாலும், ஒப்பந்தத்தில் இடைவிலகல் பிரிவு இல்லையென்றால் அறுபதுக்கும் கட்டியாக வேண்டும். திருப்பித் தரும்போது 'இந்த விசைப்பலகையில் எழுத்து அழிந்திருக்கிறது' என்று தொடங்கும் சேதக் கணக்கு தனி. ஒப்பந்தத்தில் 'இயல்பான தேய்மானம்' எது என்பது எழுதப்பட்டிருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன் பாருங்கள்.

ஒரு பருவத்துக்கு மட்டும் கூடுதல் கணினிகள் தேவை, அல்லது புதிதாகத் தொடங்கிய படிப்பு நிலைக்குமா என்று தெரியவில்லை என்ற நிலையில் வாடகை சரி. ஒன்பது ஆண்டாக நடக்கும் நிரந்தரக் கூடத்துக்கு அதை எழுதுவது, இன்றைய மறுப்பின் சங்கடத்தை மூன்று ஆண்டுத் தவணையில் வாங்குவதுதான்.

## மாற்று 4: லினக்ஸுக்கு மாறுதல்

உரிமச் செலவு இல்லை. பழைய செயலியிலும் ஓடும். பாதுகாப்புப் புதுப்பிப்பும் வந்துகொண்டிருக்கும். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் தமிழிலும் கிடைக்கிறது. பைத்தான், சி, ஜாவா பாடங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால் வணிகவியல் மாணவர்கள் அதே கூடத்தில் டேலி படிக்கிறார்கள் என்றால் சிக்கல். டாட் நெட் பாடத்துக்கு அச்சிட்ட செய்முறைக் கையேடு விண்டோஸ் திரைகளைக் காட்டிக்கொண்டிருக்கும். கையேட்டை மாற்றி எழுதுவது ஆசிரியர்களின் உழைப்பு. அதை நிதி அலுவலகம் 'இலவசம்' என்று எழுதுவது அவர்களைச் சீண்டுவதாக அமையும். சுழல் வட்டை மாற்றாமல் லினக்ஸ் மட்டும் போட்டாலும் மெதுவாகத்தான் இருக்கும். துறையே விரும்பிக் கேட்டால் வரவேற்கலாம். நிதி அலுவலகத்திலிருந்து முதலில் வரவேண்டிய யோசனை இதுவல்ல.

முன்னாள் மாணவர்களும் நிறுவனங்களும் தரும் நன்கொடைக் கணினிகளையும் சிலர் மாற்றாக எழுதுகிறார்கள். வந்தால் நல்லது; வராத பணத்தைக் குறிப்பில் எழுதாதீர்கள். வரும் கணினிகள் எட்டாம் தலைமுறைக்கு முந்தையவையென்றால் உங்கள் சிக்கலையே இன்னொரு முறை வாங்கி வைக்கிறீர்கள்.

## பக்கத்தில் பக்கமாக

| | புதுப்பித்தல் | பகுதிக் கொள்முதல் | வாடகை | லினக்ஸ் |
|---|---|---|---|---|
| இந்த ஆண்டுச் செலவு | 3,89,400 | 7,92,960 (14 மட்டும்) | மாதம் 1,20,360 | உரிமம் இல்லை |
| வேகம் | தீரும் | 14-இல் தீரும் | தீரும் | வட்டை மாற்றினால் |
| பாதுகாப்புப் புதுப்பிப்பு | 2028 அக்டோபர் வரை | 14-க்கு மட்டும் | தீரும் | தீரும் |
| ஆண்ட்ராய்டு பாடம் | பாதி | 14-இல் தீரும் | தீரும் | ரேமைப் பொறுத்தது |
| அடுத்த ஆண்டுச் சுமை | சிறிது | பெரிது | மூன்று ஆண்டுக் கட்டு | ஆசிரியர் உழைப்பு |

## என் தேர்வு

முதல் மாற்றோடு இரண்டாவதில் ஒரு துண்டைச் சேர்ப்பேன். ஏழு புதிய கணினிகள்: 3,96,480. எஞ்சிய 53-ஐப் புதுப்பிக்க 3,43,970. மொத்தம் 7,40,450. கையில் 59,550 நிற்கும். விண்டோஸ் கட்டணமும் உதிரிபாகமும் அதில் அடங்கும். புதியவற்றை 16 ஜிபி ரேமோடு கேட்க வேண்டும்; எமுலேட்டர் தேவைப்படும் திட்டக் குழுக்கள் அவற்றை முறைவைத்துப் பயன்படுத்தலாம். ஒதுக்கப்படும் ஏழு பழையவற்றை உடனே கழிக்காமல் உதிரிபாகத்துக்கு வைத்துக்கொண்டால், மின்வழங்கி விழும் நாளில் கடைக்கு ஓட வேண்டியதில்லை. எண்ணிக்கை அறுபதாகவே இருக்கும்.

குறிப்பில் முழுக் கணக்கோடு இந்த ஒரு மாற்றை மட்டும் வையுங்கள். கூடவே எதிர்காலத்துக்கு ஒரு வழியைத் திறந்து வையுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

## குறிப்பின் மாதிரி

> பொருள்: கணினிக் கூடம் – 60 கணினிகள் வாங்க நிதி கோரியது – தொடர்பாக
>
> மதிப்பிற்குரிய துறைத் தலைவர் அவர்களுக்கு,
>
> தங்கள் கோரிக்கை கிடைத்தது. கூடத்தை நேரில் பார்த்தேன். தாங்கள் குறிப்பிட்ட வேகக் குறைவும் இயக்க முறைமைச் சிக்கலும் உண்மை.
>
> கோரிய ரூ.33,98,400-ஐ இந்த நிதியாண்டில் ஒதுக்க இயலவில்லை. மூலதனச் செலவுத் தலைப்பில் ஒப்பளிக்கப்பட்ட ரூ.24 லட்சத்தில், மேல்தளச் சீரமைப்புக்கும் மின்னாக்கிக்கும் ரூ.16 லட்சம் ஏற்கெனவே ஆணையிடப்பட்டுவிட்டது. இருப்பு ரூ.8 லட்சம்.
>
> இந்த இருப்புக்குள் கீழ்க்கண்டதைச் செய்ய இயலும்:
>
> 16 ஜிபி ரேம் கொண்ட 7 புதிய கணினிகள். 53 கணினிகளுக்கு எஸ்.எஸ்.டி., கூடுதல் 8 ஜிபி ரேம். அந்த 53-க்கும் விண்டோஸ் 10 பாதுகாப்புப் புதுப்பிப்பு. மதிப்பீடு ரூ.7,40,450, புதுப்பிப்புக் கட்டணமும் உதிரிபாகமும் இருப்பில் எஞ்சும் தொகையிலிருந்து.
>
> செல்பேசிச் செயலிப் பாடத்துக்கு இந்த ஏற்பாடு போதுமா, அதற்குப் புதிய கணினிகள் குறைந்தபட்சம் எத்தனை வேண்டும் என்பதைத் தாங்களே சொல்ல வேண்டும். எண்ணிக்கை கூடினால் புதுப்பிக்கும் பகுதியைக் குறைத்துச் சரிசெய்ய முயல்வோம்.
>
> முழுமையாக மாற்றும் கோரிக்கை அடுத்த ஆண்டு மதிப்பீட்டில் சேர்க்கப்பட்டு ஆட்சிக் குழுவின் முன் வைக்கப்படும். தங்கள் பதில் பிப்ரவரி 10-க்குள் கிடைத்தால் மார்ச் 31-க்குள் கொள்முதல் ஆணை வழங்கலாம்.
>
> நிதி அலுவலர்
> நகல்: முதல்வர், செயலர்

## எழுதும்போது கவனிக்க

மறுப்பு இரண்டாவது பத்தியிலேயே தொகையோடு வந்துவிட்டது. அதைக் கடைசி வரிக்குத் தள்ளினால், நடுவில் இருக்கும் நல்ல சொற்களைப் படித்தவர் ஒப்புதல் கிடைத்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டு வருவார்.

காரணம் ஒன்றே ஒன்று, அதுவும் உண்மையான காரணம். பணம் இல்லாததை மறைக்க 'மூன்று விலைப்புள்ளிகள் இணைக்கப்படவில்லை' என்று எழுதுவது நம் அலுவலகங்களில் வழக்கம். துறைத் தலைவர் நான்காவது நாள் மூன்று விலைப்புள்ளிகளோடு வருவார். அப்போது என்ன எழுதுவீர்கள்? எழுதிய காரணத்தைத் தீர்த்துக்கொண்டு வருபவருக்கு மறுபடியும் மறுப்பது, முதல் மறுப்பைவிடப் பல மடங்கு கசப்பானது. மற்ற துறைகளோடு ஒப்பிடுவதும் வேண்டாம். மேல்தளச் சீரமைப்பு ஆணையைக் குறிப்பிட்டது, பணம் எங்கே போனது என்று காட்டத்தான். 'இயற்பியல் துறை சிக்கனமாக இருக்கிறது' என்று எழுதினால் அது வேறு சண்டை.

துறைத் தலைவர் இந்த மாற்றை ஏற்காமல் செயலரிடம் நேரே போகலாம், போவார். மேலே உள்ள அட்டவணையைக் குறிப்போடு இணைத்து நகலாக அனுப்பியிருந்தால், செயலர் கேட்கப்போகும் 'வாடகைக்கு எடுத்தால் என்ன?' என்ற கேள்விக்குப் பதில் அவர் மேசையிலேயே இருக்கும்.

ஏற்றுக்கொண்டால், வேலையைச் செய்முறைத் தேர்வுகளுக்குக் குறுக்கே வராமல் சனிக்கிழமைகளில் பத்துப் பத்தாக முடிக்கச் சொல்லுங்கள். கழற்றிய சுழல் வட்டுகளில் மாணவர்களின் மதிப்பெண் கோப்புகள் இருக்கக்கூடும். அழித்த பிறகே கூடத்தைவிட்டு வெளியே போக வேண்டும். விண்டோஸ் 10-க்கான கட்டணப் புதுப்பிப்பு 2028 அக்டோபரோடு நின்றுவிடும். அந்த 53 கணினிகளுக்கான தொகையை 2028-29 மதிப்பீட்டில் சேர்க்க வேண்டும் என்று இன்றே கோப்பின் முதல் தாளில் எழுதி வையுங்கள். அந்த மதிப்பீடு தயாராவது 2028 ஜனவரியில்.